மூன்று கோடுகள் சந்திக்கும் இடம்

வேதியியல் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தின் மூலையில் சின்னதாக ஒரு படம் இருக்கும். படுக்கை அச்சில் வெப்பநிலை, நிமிர்ந்த அச்சில் அழுத்தம், நடுவில் மூன்று கோடுகள். நீரின் நிலை வரைபடம் என்று அதன் கீழே எழுதியிருப்பார்கள். தேர்வுக்காக அதை வரைந்து, பனிக்கட்டி, நீர், நீராவி என்று மூன்று பெயர்களைக் குறித்துவிட்டு மறந்துபோனவர்கள் நம்மில் பலர். ஆனால் அது வாசிக்க வேண்டிய படம். வாசிக்கத் தெரிந்துவிட்டால், உருகுதல், கொதித்தல் என்று தனித்தனியாக மனப்பாடம் செய்தவை எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும்.

படத்தை நாமே வரைந்துவிடலாம். ஒரு தாள், ஒரு பென்சில், சில புள்ளிகள் போதும். முதல் புள்ளி 0.01 டிகிரி செல்சியஸ், 611 பாஸ்கல். இதுதான் மும்மைப் புள்ளி. இரண்டாவது 100 டிகிரி, ஒரு வளிமண்டல அழுத்தம், அதாவது 1,01,325 பாஸ்கல். மூன்றாவது 374 டிகிரி, ஏறத்தாழ 218 வளிமண்டல அழுத்தம். இந்த மூன்றையும் வளைவாக இணைத்தால் கிடைப்பது கொதிநிலைக் கோடு. முதல் புள்ளியிலிருந்து இடப்பக்கம் கீழே இறங்கினால், மைனஸ் 30 டிகிரியில் 38 பாஸ்கல் என்னும் புள்ளி வரும். அந்த வழியாகப் போவது பதங்கமாதல் கோடு. பனிக்கட்டியையும் நீராவியையும் பிரிப்பது. மீண்டும் முதல் புள்ளிக்கு வந்து, ஏறக்குறையச் செங்குத்தாக, இடப்பக்கம் இம்மியளவு சாய்த்து மேலே ஒரு கோடு இழுத்தால் அது உருகுநிலைக் கோடு.

வரையும்போதே ஒரு சிக்கல் தெரியும். 38 பாஸ்கலும் இரண்டு கோடி பாஸ்கலுக்கு மேற்பட்டதும் ஒரே தாளில் எப்படி அடங்கும்? அதனால்தான் இந்தப் படத்தில் அழுத்த அச்சு பெரும்பாலும் பத்து, நூறு, ஆயிரம் என்று ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்காக ஏறும். பல பாடநூல்கள் இதைச் சொல்வதே இல்லை. அச்சில் எண்களே இல்லாமல், உருகுநிலைக் கோட்டை நன்றாகச் சாய்த்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சாய்வு எவ்வளவு மெல்லியது என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம். அளவு இல்லாத படம் இந்த விஷயத்தில் தவறான எண்ணத்தையே விதைக்கும் என்பது என் கருத்து.

படத்தில் ஒரு புள்ளி எதைக் குறிக்கிறது? ஒரு உருளை, அதில் மேலும் கீழும் நகரும் பிஸ்டன், உள்ளே தூய நீர் மட்டும். காற்று துளியும் இல்லை. அதை ஒரு வெப்பநிலையிலும் ஓர் அழுத்தத்திலும் வைத்து, மாற்றம் எல்லாம் நின்று அடங்கும் வரை காத்திருந்தால் உள்ளே என்ன இருக்கும் என்பதைத்தான் அந்தப் புள்ளி சொல்கிறது. கோடுகளுக்கு நடுவே உள்ள வெளியில் புள்ளி விழுந்தால் ஒரே ஒரு நிலைதான் இருக்கும். கோட்டின் மேலேயே விழுந்தால் இரண்டு நிலைகள் ஒன்றாக இருக்கலாம். உள்ளே காற்று இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தைப் படிப்பதில் வரும் குழப்பங்களில் பாதி அதை மறப்பதால்தான் வருகிறது.

இப்போது ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஒரு படுக்கைக் கோடு இழுத்து, அதன் வழியே இடமிருந்து வலமாக நடப்போம். மைனஸ் 10 டிகிரியில் ஒரு கிலோ பனிக்கட்டி. அடுப்பு நொடிக்கு ஒரு கிலோஜூல் வெப்பத்தை நீருக்குக் கொடுக்கிறது, வீணாவது எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பனிக்கட்டி மைனஸ் 10-லிருந்து பூஜ்யத்துக்கு வர ஏறக்குறைய 20 நொடிதான் ஆகிறது. அங்கே நம் புள்ளி உருகுநிலைக் கோட்டில் வந்து நின்றுவிடும். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, ஆனால் வெப்பநிலை ஏறவில்லை. முழுப் பனிக்கட்டியும் நீராக மாறி முடிய 334 நொடி, அதாவது ஐந்தரை நிமிடம் ஆகும். பிறகு பூஜ்யத்திலிருந்து நூறு டிகிரிக்கு ஏழு நிமிடம். அங்கே கொதிநிலைக் கோட்டில் மறுபடி ஒரு நிறுத்தம். இந்த முறை நிறுத்தம் நீண்டது. கடைசிச் சொட்டும் ஆவியாகி முடிய 2,257 நொடி வேண்டும், முப்பத்தேழரை நிமிடத்துக்கும் மேல்.

படத்தில் இந்த இரண்டு நிறுத்தங்களும் வெறும் புள்ளிகள்தான். பயணத்தின் பெரும்பகுதி நேரம் அங்கேதான் கழிந்தது என்பது படத்தில் தெரியாது. கோட்டைக் கடக்க எவ்வளவு வெப்பம் தேவை என்பதை நிலை வரைபடம் நேரடியாகக் காட்டுவதில்லை. உள்ளுறை வெப்பம் என்று நாம் படித்தது, புள்ளி கோட்டின் மேல் நின்றபடி செலவழிக்கும் அந்த வெப்பத்தைத்தான். சாம்பார் கொதிக்கத் தொடங்கிய பிறகு அடுப்பை எவ்வளவு தூண்டிவிட்டாலும் அது மேலும் சூடாவதில்லை, சீக்கிரம் வற்றத்தான் செய்யும் என்பதற்கும் இதுவே காரணம்.

இதே நடையை ஊட்டியில் நடந்தால்? 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் முக்கால் பங்கை ஒட்டி இருக்கும். நம் படுக்கைக் கோடு சற்றுக் கீழே இறங்கிவிடும். கொதிநிலைக் கோடு வலப்பக்கம் மேலேறும் கோடு என்பதால், கீழே இறங்கினால் அதை இன்னும் இடப்பக்கத்திலேயே சந்திப்போம். ஏறத்தாழ 93 டிகிரியிலேயே நீர் கொதித்துவிடும். லே நகரத்தில், 3,500 மீட்டரில், 88 டிகிரியை ஒட்டி. உருகுநிலைக் கோடோ கிட்டத்தட்டச் செங்குத்து. அதனால் மலையில் எவ்வளவு ஏறினாலும் பனிக்கட்டி உருகும் வெப்பநிலை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறாது. உயரம் கொதிநிலையை மாற்றுகிறது, உருகுநிலையை ஏன் மாற்றுவதில்லை என்னும் கேள்விக்கு, இரண்டு கோடுகளின் சாய்வையும் பார்த்தால் அங்கேயே விடை இருக்கிறது.

கோடு ஏன் அப்படி ஏறுகிறது? நீரிலிருந்து மூலக்கூறுகள் ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. வெளியேறியவை திரும்பி வந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. காற்றில்லாத மூடிய கலத்தில் போவதும் வருவதும் சமமாகும்போது அந்த ஆவி தரும் அழுத்தத்தை ஆவி அழுத்தம் என்கிறோம். 30 டிகிரியில் அது ஏறத்தாழ 4,250 பாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தில் இருபத்துநாலில் ஒரு பங்கு. வெப்பநிலை கூடக்கூட வெளியேறும் மூலக்கூறுகள் வேகமாகப் பெருகும். நூறு டிகிரியில் ஆவி அழுத்தம் ஒரு முழு வளிமண்டலத்தை எட்டும். கொதிநிலைக் கோடு என்பது இந்த ஆவி அழுத்தக் கோடுதான். பாத்திரத்தின் அடியில் உருவாகும் ஒரு நீராவிக் குமிழைச் சுற்றியுள்ள நீரும், மேலே உள்ள காற்றும் நசுக்கப் பார்க்கின்றன. உள்ளேயிருக்கும் ஆவியின் அழுத்தம் அதற்கு ஈடுகொடுக்கும்போதுதான் குமிழ் உயிரோடு மேலே வர முடியும். அதுதான் கொதித்தல்.

இங்கே ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். 30 டிகிரி, ஒரு வளிமண்டலம் என்னும் புள்ளியைப் படத்தில் வைத்தால் அது நீரின் பகுதிக்கு நட்டநடுவே விழுகிறது. அப்படியானால் கொடியில் போட்ட ஈரத்துணி எப்படிக் காய்கிறது? நம் உருளையில் காற்று இல்லை என்று சொன்னோமே, அதை நினைவுகூர வேண்டிய இடம் இது. கொடியைச் சுற்றியுள்ள அழுத்தத்தில் மிகப்பெரும் பங்கு நைட்ரஜனும் ஆக்சிஜனும் தருவது. காற்றில் உள்ள நீராவி மட்டும் தரும் அழுத்தம் எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும். ஈரப்பதம் 70 விழுக்காடாக உள்ள நாளில் அது 3,000 பாஸ்கலை ஒட்டி இருக்கும். 30 டிகிரியில் கோடு கேட்பது 4,250. இந்தக் குறைவு இருக்கும்வரை துணியிலிருந்து போவது அதிகம், வருவது குறைவு. ஈரப்பதம் நூறு விழுக்காட்டை எட்டும் மழைநாளில் இரண்டும் சமம், துணி ஈரமாகவே தொங்கும். ஆவியாவதை நீராவியின் பங்கு அழுத்தம் தீர்மானிக்கிறது. கொதிப்பதை மொத்த அழுத்தம் தீர்மானிக்கிறது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் படத்தில் வேறு எதுவும் பயமுறுத்தாது.

செங்குத்தாக நடக்கவும் இந்தப் படம் கற்றுத்தருகிறது. குக்கரின் வெயிட், உள்ளே அழுத்தம் வெளியை விட ஏறத்தாழ ஒரு வளிமண்டலம் கூடுதலாகும்போது எழும்பும். அதாவது உள்ளே மொத்தம் இரண்டு வளிமண்டலம், நீரின் வெப்பநிலை 120 டிகிரி. புள்ளி கொதிநிலைக் கோட்டின் மேலேயே நிற்கிறது. அந்த நொடியில் யாராவது மூடியை வலுக்கட்டாயமாகத் திறந்துவிட்டால், அழுத்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் பாதியாகிறது, வெப்பநிலை குறைய நேரமில்லை. புள்ளி செங்குத்தாகக் கீழே விழுந்து நீராவிப் பகுதிக்குள் போய்விடுகிறது. 120 டிகிரியில், ஒரு வளிமண்டலத்தில் நீர் நீராக இருக்க முடியாது. மீண்டும் 100 டிகிரிக்கு வந்து சேரும்வரை அது கொதித்தே தீரும், அந்த வெப்பத்தை வைத்தே கொதிக்கும். மூன்று கிலோ நீர் இருந்தால் அதில் 110 கிராமுக்கு மேல் நொடிகளில் ஆவியாகும். கேட்பதற்குக் கொஞ்சம்தான். ஆனால் அந்த 110 கிராம் 180 லிட்டருக்கும் மேற்பட்ட நீராவியாக விரிந்து, கொதிக்கும் பருப்பையும் தூக்கிக்கொண்டு வெளியே வரும். குக்கர் ஆறும்வரை காத்திருக்கச் சொல்வதன் கணக்கு இவ்வளவுதான்.

படம் சொல்லாத ஒன்றும் உண்டு. மாற்றம் எப்போது நடக்கும் என்று அது சொல்வதில்லை. மைக்ரோவேவ் அடுப்பில் வழவழப்பான கோப்பையில் சூடாக்கிய நீர், குமிழ் தோன்ற ஒரு பிடிமானம் கிடைக்காமல், நூறு டிகிரியைத் தாண்டியும் அசையாமல் இருக்கக்கூடும். கரண்டி பட்டதும் சீறிப் பொங்கும். மேகங்களில் தூய நீர்த்துளிகள் மைனஸ் 30 டிகிரியிலும் உறையாமல் மிதப்பது வழக்கமானது. புள்ளி கோட்டைக் கடந்துவிட்டது, நீர் இன்னும் கடக்கவில்லை, அவ்வளவுதான்.

கொதிநிலைக் கோடு மேலே ஓரிடத்தில் முடிந்துபோகிறது. 374 டிகிரி, 218 வளிமண்டலம். கோட்டின் வழியே மேலே போகப் போக, சூடான நீர் விரிந்து அடர்த்தி குறைகிறது, நெருக்கப்பட்ட நீராவி அடர்த்தி கூடுகிறது. இந்த மாறுநிலைப் புள்ளியில் இரண்டும் ஒரே அடர்த்தியாகி, நடுவே இருந்த நீர்மட்டம் மறைந்துவிடும். அதற்கு அப்பால் நீர், நீராவி என்ற பிரிவே இல்லை.

உருகுநிலைக் கோட்டுக்கு அப்படியொரு முடிவு இல்லை. அதன் விசித்திரம் வேறு. அது இடப்பக்கம் சாய்கிறது. பெரும்பாலான பொருள்களுக்கு இந்தக் கோடு வலப்பக்கம்தான் சாயும். அழுத்தினால் உருகுவது கடினமாகும். பனிக்கட்டியோ அழுத்தினால் எளிதாக உருகும். இதை யாரும் பார்ப்பதற்கு முன்பே, தாளில் கணக்குப் போட்டுச் சொன்னவர் ஜேம்ஸ் தாம்சன் என்னும் பொறியாளர். பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சனின் அண்ணன் அவர். ஆண்டு 1849.

அவருடைய சிந்தனை எளிமையானது, அழகானது. நீர் உறையும்போது விரிகிறது. ஒரு கன சென்டிமீட்டர் பனிக்கட்டியின் எடை 0.917 கிராம்தான். விரியும் பொருளின் தலைமேல் ஒரு பாரத்தை வைத்தால், உறையும்போது அது பாரத்தைத் தூக்கும். அதாவது வேலை செய்யும். பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே பூஜ்யம் டிகிரியில்தான் நீர் உறைகிறது என்றால், வெப்பநிலையில் எந்த வேறுபாடும் இல்லாமலேயே உறையவைத்து, உருகவைத்து, மறுபடி உறையவைத்து, ஒவ்வொரு முறையும் பாரத்தைத் தூக்கிக்கொண்டே இருக்கலாம். ஒன்றும் கொடுக்காமல் வேலை வாங்கும் இயந்திரம் அது. அப்படி ஒன்று இருக்க முடியாது. ஆகவே பாரத்தின் கீழ் நீர் சற்றுக் குறைந்த வெப்பநிலையில்தான் உறைய வேண்டும். எவ்வளவு குறைவு? ஒரு வளிமண்டலத்துக்கு 0.0075 டிகிரி என்று கணக்கிட்டார். மறு ஆண்டே தம்பி வில்லியம் அதை அளந்து பார்த்தார். பாதரச வெப்பமானியால் இத்தனை சிறிய மாற்றத்தைக் காட்ட முடியாது என்பதால் ஈதர் நிரப்பிய நுண்ணிய வெப்பமானியைப் பயன்படுத்தினார். ஏறத்தாழ 17 வளிமண்டல அழுத்தத்தில் உருகுநிலை 0.13 டிகிரியை ஒட்டிக் குறைந்தது. அண்ணன் சொன்ன கணக்கோடு அது ஒத்துப்போனது.

இந்த 0.0075 என்னும் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால், நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வரும் ஒரு விளக்கத்தைச் சோதித்துவிடலாம். பனிச்சறுக்கு வீரரின் காலணிக் கத்தி பனிக்கட்டியை அழுத்தி உருக்குகிறது, அதனால்தான் வழுக்குகிறது என்பார்கள். 60 கிலோ எடையுள்ளவர், பனியைத் தொடும் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். அழுத்தம் 58 வளிமண்டலம் வரும். 0.0075-ஆல் பெருக்கினால் 0.43 டிகிரி. அரை டிகிரிகூடக் குறையவில்லை. மைனஸ் 10 டிகிரியிலும் நன்றாகவே சறுக்குகிறார்கள். ஆகவே அழுத்தம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. உராய்வில் எழும் வெப்பமும், பனிக்கட்டியின் மேற்பரப்பில் எப்போதும் தளர்ந்திருக்கும் மெல்லிய மூலக்கூறு அடுக்கும்தான் பெரும்பங்கு வகிக்கின்றன. உருகுநிலைக் கோட்டை நன்றாகச் சாய்த்து வரையும் பாடநூல் படம், இந்தப் பழைய விளக்கத்தை நம்ப வைப்பதில் பங்கு பெற்றிருக்கிறது.

அந்தச் சாய்வு உண்மையில் வேலை செய்யும் இடம் அண்டார்க்டிகாவில் இருக்கிறது. வோஸ்டாக் ஆய்வு நிலையத்தில் 1983-ல் மைனஸ் 89.2 டிகிரி பதிவானது. அதன் கீழே, நான்கு கிலோமீட்டரை எட்டும் தடிமனுள்ள பனிக்கு அடியில், ஒரு பெரிய ஏரி உறையாமல் கிடக்கிறது. நான்காயிரம் மீட்டர் பனியின் எடை தரும் அழுத்தம் 355 வளிமண்டலத்தை ஒட்டியது. கணக்கிட்டால் உருகுநிலை மைனஸ் 2.7 டிகிரிக்கு இறங்கியிருக்க வேண்டும். ஏரிநீரின் வெப்பநிலை மைனஸ் மூன்றை ஒட்டி இருப்பதாகவே கருதப்படுகிறது. பூமிக்குள்ளிருந்து கசியும் வெப்பம் அடிப்பனியை அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது, மேலே உள்ள பனி ஒரு தடித்த போர்வையாக அந்த வெப்பத்தைக் காக்கிறது, மீதி மூன்று டிகிரியை அழுத்தம் பார்த்துக்கொள்கிறது.

மூன்று கோடுகளும் சந்திக்கும் புள்ளிக்கு இப்போது வருவோம். மும்மைப் புள்ளி என்னும் பெயரின் ஆங்கில வடிவத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அதே ஜேம்ஸ் தாம்சன்தான். பனிக்கட்டி, நீர், நீராவி மூன்றும் ஒன்றாக, ஒன்றையொன்று அழிக்காமல் இருக்கக்கூடிய இடம் படத்தில் இது ஒன்றே. கோட்டின் மேல் இருக்கும்போது நமக்கு ஒரு சுதந்திரம் உண்டு. வெப்பநிலையைத் தேர்ந்தால் அழுத்தம் தானாக அமையும். மும்மைப் புள்ளியில் அந்தச் சுதந்திரமும் இல்லை. வெப்பநிலை 0.01 டிகிரி, அழுத்தம் 611.66 பாஸ்கல். இரண்டையும் நாம் அமைக்க வேண்டியதில்லை, நீரே அமைத்துக்கொள்ளும்.

அளவியல் ஆய்வகங்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. அங்கே இருக்கும் மும்மைப் புள்ளிக் கலம், முழங்கை நீளத்துக்குச் சற்றுக் கூடக்குறைய இருக்கும் ஒரு கண்ணாடி உருளை. மேலிருந்து நடுவே ஒரு குழாய் உள்ளே இறங்கியிருக்கும். வெப்பமானி அதற்குள் போகும். உருளையில் மிகத் தூய்மையாக வடித்த நீரை நிரப்பி, கரைந்த காற்றை எல்லாம் வெளியேற்றி, மூடி உருக்கி அடைத்திருப்பார்கள். மேலே விட்ட சிறு வெளியில் நீராவி மட்டுமே இருக்கும்.

கலத்தைத் தயார் செய்யும் முறை இது. முதலில் பனிக்கட்டித் தொட்டியில் வைத்துக் குளிர்விப்பார்கள். பிறகு நடுக்குழாயில் பொடித்த உலர்பனியைப் போடுவார்கள். குழாயைச் சுற்றி உட்பக்கத்தில் நீர் உறையத் தொடங்கி, பனிக்கட்டி ஓர் உறையாகப் பருக்கும். போதிய தடிமன் வந்ததும் உலர்பனியை எடுத்துவிட்டு, அறை வெப்பநிலையில் உள்ள ஒரு கம்பியைச் சில நொடிகள் குழாய்க்குள் விடுவார்கள். குழாயை ஒட்டிய பனி மட்டும் மெல்லிய படலமாக உருகும். கலத்தைச் சுண்டித் திருப்பினால் பனியுறை குழாயைச் சுற்றித் தடையில்லாமல் சுழல வேண்டும். சுழன்றால் பனிக்கும் குழாய்க்கும் இடையே நீர்ப்படலம் இருக்கிறது என்று பொருள். ஒட்டிக்கொண்டு நின்றால் இன்னும் ஆகவில்லை.

இனி அந்தக் கலம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். கொஞ்சம் வெப்பம் கசிந்து உள்ளே வந்தால் கொஞ்சம் பனி உருகும், வெப்பநிலை ஏறாது. கொஞ்சம் வெப்பம் வெளியேறினால் கொஞ்சம் நீர் உறையும். பனித் தொட்டியில் வைத்திருக்கும் வரை, பல வாரங்களுக்கு, ஒரு டிகிரியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட மாறாத வெப்பநிலை அதில் இருக்கும்.

என்ன தவறலாம்? காற்று கசிந்திருக்கலாம். கலத்தை மெல்லச் சாய்த்தால், உள்ளே நீராவி மட்டும் இருக்கும் பட்சத்தில் நீர் கண்ணாடியில் மோதி 'டக்' என்று உலோகம் மோதுவதுபோல் சத்தம் கேட்கும், நடுவில் மெத்தைபோல் தாங்கக் காற்று இல்லாததால். கலத்தைச் சாய்த்து மேலே ஒரு குமிழைச் சிக்கவைத்தால், தூய ஆவிக் குமிழ் நீரின் அழுத்தத்தில் சுருங்கிவிடும், காற்றுக் குமிழ் சுருங்க மறுக்கும். கலத்தின் கழுத்தில் பனி குறுக்கே உறைந்து பாலம் கட்டினால் அது விரிந்து கண்ணாடியையே உடைத்துவிடும். புதிதாக உறைந்த பனியில் இறுக்கம் இருக்கும், அதனால் முதல் சில நாள்கள் வெப்பநிலை இம்மி குறைவாகக் காட்டும். மிக நுட்பமான அளவுக்கு ஒரு வாரம்வரை காத்திருப்பது வழக்கம். வெப்பமானி நீர்மட்டத்துக்கு 25 சென்டிமீட்டர் கீழே இருக்கிறதே, அங்கே நீரின் எடை அழுத்துமே என்று கேட்டால், ஆம், உருகுநிலைக் கோட்டின் அந்த மெல்லிய சாய்வு இங்கேயும் வந்துவிடுகிறது. 0.0002 டிகிரியைச் சற்றுக் குறைவாகக் கழித்துக்கொள்கிறார்கள்.

மும்மைப் புள்ளி ஏன் பூஜ்யத்தில் இல்லாமல் 0.01-ல் இருக்கிறது என்பதற்கும் இப்போது பதில் சொல்லிவிடலாம். பூஜ்யம் டிகிரி என்று செல்சியஸ் அளவில் வைத்தது, திறந்த காற்றில், ஒரு வளிமண்டலத்தின் கீழ் பனி உருகும் வெப்பநிலை. ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் உருகுநிலையை 0.0075 டிகிரி இறக்குகிறது. நீரில் கரைந்த காற்று, கரைந்த எந்தப் பொருளும் செய்வதுபோல், இன்னும் 0.0024 டிகிரி இறக்குகிறது. கூட்டினால் 0.0099. இரண்டையும் நீக்கிவிட்ட கலத்தில் பனி அந்த அளவு மேலே, 0.01-ல் உருகுகிறது.

முன்பு வெப்பநிலை அளவுகோலை உருகுநிலை, கொதிநிலை என இரண்டு புள்ளிகளில் கட்டியிருந்தார்கள். இரண்டுக்கும் அழுத்தத்தைத் துல்லியமாகப் பிடித்துவைக்க வேண்டும். கொதிநிலையில் 27 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தம் மாறினாலே ஒரு டிகிரி மாறிவிடும். நீரே அழுத்தத்தையும் தீர்மானித்துக்கொள்ளும் ஒரு புள்ளி இருக்கும்போது இந்தத் தொல்லை எதற்கு? 1954-ல் பன்னாட்டு அளவை மாநாடு மும்மைப் புள்ளியை 273.16 கெல்வின் என்று வரையறுத்தது. 2019 மே 20 முதல் கெல்வினின் வரையறை போல்ட்ஸ்மன் மாறிலிக்கு மாறிவிட்டது. ஆனாலும் வெப்பமானிகளைச் சரிபார்க்க, தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்பட உலகெங்கும், அந்தக் கண்ணாடிக் கலம்தான் இன்றும் குளிர்த்தொட்டியில் நின்றுகொண்டிருக்கிறது.

மும்மைப் புள்ளிக்குக் கீழே, 611 பாஸ்கலுக்கும் குறைவான அழுத்தத்தில் இடமிருந்து வலமாக நடந்தால் நீர்ப் பகுதியே குறுக்கே வராது. பனிக்கட்டியிலிருந்து நேராக நீராவிக்குப் போய்விடுவோம். மருந்துகளையும் காப்பித்தூளையும் உறையவைத்து உலர்த்தும் தொழிலே இந்தப் பாதையில்தான் நடக்கிறது. நமக்கு அருகிலுள்ள ஒரு கோளின் தரையும் ஏறக்குறைய இந்த எல்லையில்தான் இருக்கிறது. செவ்வாயின் சராசரிக் காற்றழுத்தம் மும்மைப் புள்ளி அழுத்தத்தை ஒட்டியே நிற்கிறது. கடல் இல்லாத அந்தக் கோளில் உயரங்களை எங்கிருந்து அளப்பது என்ற கேள்வி மரைனர் 9 விண்கலத்தின் காலத்தில் எழுந்தபோது, அழுத்தம் 6.1 மில்லிபார், அதாவது ஏறத்தாழ 610 பாஸ்கல், இருக்கும் மட்டத்தையே பூஜ்யமாக வைத்தார்கள்.

2008 மே மாதம் பீனிக்ஸ் என்னும் விண்கலம் செவ்வாயின் வடசமவெளியில் இறங்கியது. ஜூன் நடுவில் அதன் இயந்திரக் கை தோண்டிய பள்ளத்தில், தாயக்கட்டை அளவில் சில வெள்ளைத் துணுக்குகள் தெரிந்தன. நான்கு நாள் கழித்து எடுத்த படத்தில் அவை இல்லை. ஈரத்தடமும் இல்லை. என்னவாக இருக்கலாம்? உப்பாக இருந்தால் மறைந்திருக்காது. உறைந்த கார்பன் டை ஆக்சைடாக இருந்தால்? அதன் நிலை வரைபடத்தில் செவ்வாயின் அழுத்தத்துக்கு உரிய பதங்கமாதல் புள்ளி மைனஸ் 125 டிகிரியை ஒட்டியது. அந்தக் கோடைக்காலத்தில் அங்கே பகல் வெப்பநிலை மைனஸ் 30 வரை ஏறியது. அந்தச் சூட்டில் அது தோண்டும் வரையிலேயே நிலத்தில் தங்கியிருக்காது. மிஞ்சியது நீர்ப்பனி.

பீனிக்ஸ் இறங்கிய தாழ்நிலத்தில் மொத்தக் காற்றழுத்தம் 611-ஐ விடச் சற்று அதிகமாகவே, 700, 800 பாஸ்கல் அளவில் இருந்தது. அப்படியென்றால் பனி ஏன் ஆவியாக வேண்டும்? கொடியில் துணி காய்ந்த அதே காரணம்தான். அந்த அழுத்தம் கிட்டத்தட்ட முழுக்கக் கார்பன் டை ஆக்சைடு தருவது. மைனஸ் 30 டிகிரியில் பதங்கமாதல் கோடு கேட்பது 38 பாஸ்கல் நீராவி. செவ்வாயின் காற்றில் இருந்ததோ ஓரிரு பாஸ்கலை ஒட்டியது. போவது அதிகம், வருவது மிகக் குறைவு. ஜூலை இறுதியில் மண் மாதிரியைக் கலத்தின் சிறு உலையில் சூடாக்கியபோது நீராவி வந்தது. கேள்வி அத்துடன் தீர்ந்தது.

செவ்வாயின் ஆழமான ஹெல்லஸ் பள்ளத்தில் அழுத்தம் 1,100 பாஸ்கலைத் தாண்டும். படத்தில் அந்த உயரத்தில் படுக்கைக் கோடு இழுத்தால், பூஜ்யத்துக்கும் எட்டு டிகிரிக்கும் இடையே ஒரு சிறு துண்டு நீர்ப் பகுதி கிடைக்கிறது. அதற்கு மேல் சூடானால் கொதிக்கும், கீழே போனால் உறையும், இடையில் இருந்தாலும் வறண்ட காற்றில் வேகமாக ஆவியாகும். தூய நீருக்கு அங்கே இவ்வளவுதான் இடம். ஆனால் பீனிக்ஸ் அதே மண்ணில் பெர்குளோரேட் உப்புகளையும் கண்டது. உப்பு கரைந்தால் உருகுநிலைக் கோடு இடப்பக்கம் நகரும், ஆவி அழுத்தக் கோடு கீழே இறங்கும், நீர்ப் பகுதி இரண்டு பக்கமும் அகலும். மக்னீசியம் பெர்குளோரேட்டின் செறிந்த கரைசல் மைனஸ் 50 டிகிரிக்குக் கீழேயும் திரவமாக இருக்கும். விண்கலத்தின் காலில் ஒட்டியிருந்த சிறு உருண்டைகள் நாளுக்கு நாள் பருத்ததைப் படங்களில் பார்த்த சில ஆய்வாளர்கள், அவை அப்படிப்பட்ட உப்புநீர்த் துளிகளே என்று வாதிட்டார்கள். உறைபனிதான் என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த வாதத்துக்கு நாம் வரைந்த படம் போதாது. நீரின் பக்கத்தில் உப்பின் அளவுக்கும் ஓர் அச்சு வேண்டும்.